அடைப்புக்குறிக்குள் அடங்காத ஐசக்

வேதகிரி சார் யாரையும் லேசில் பாராட்ட மாட்டார் என்பது வரலாற்றுத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்படிப்பட்டவர், தன்னிடம் ஆய்வு செய்யும் சுகிர்தாவின் ஆய்வேட்டில் மூன்றாம் இயலைப் படித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: "மிக நன்று. ஐசக் 1904 என்ற சான்று பாறை மாதிரி நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு வைவா வாய்மொழித் தேர்வில் யாரையும் எதிர்கொள்ளலாம்." சுகிர்தாவின் நிம்மதி அன்றோடு போயிற்று.

சுகிர்தா சாலவாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அம்மா ஆண்டாளம்மாளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சாராள். ஆனால் ரேஷன் கார்டிலிருந்து நூறு நாள் வேலை அட்டைவரை எல்லாவற்றிலும் ஆண்டாளம்மாள்தான். சாராள் என்று கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும்தான் மகளை எம்.ஏ. வரை கொண்டுவந்தாள். அதற்கு மேல் சுகிர்தா தானாகவே ஏறிக்கொண்டாள். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை, கூடவே பகுதிநேர முனைவர் பட்டம். கௌரவம் என்ற சொல் வேலையின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது என்பாள். ஆய்வுக்குப் பதிவு செய்த வருஷம் பிறந்த மகள் இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள்.

ஆய்வு, உத்திரமேரூர் வட்டாரத்தில் நிலமில்லாத மக்கள் கிறித்தவர்களான வரலாறு. வெள்ளைக்காரப் போதகர் வந்தார், பிரசங்கம் செய்தார், சனங்கள் மனந்திரும்பினார்கள் என்றுதான் அச்சிட்ட மிஷன் அறிக்கைகளில் இருக்கிறது. சுகிர்தாவுக்கு அது சிறு வயதிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்த கதை. ஏதோ இவர்களுக்கென்று சொந்தப் புத்தியே இல்லாத மாதிரி. மாகறலில் சபைக்காரர் ஒருவர் வீட்டுப் பெட்டியில் அவளுக்கு ஆறு தாள் கிடைத்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து சனங்கள் தாங்களே பேசி முடிவெடுத்து, தாங்களே நடந்துபோய்ப் போதகரைக் கூப்பிட்டார்கள் என்று அதில் உள்ளூர்ப் பேச்சுத் தமிழில் எழுதியிருந்தது. தேதி 1904 மார்ச். போதகரின் அச்சு அறிக்கை வந்தது 1906-ல். அதே சம்பவம், சில இடங்களில் அதே வரிகள். கூப்பிட்டது மட்டும் போதகர் என்று மாறியிருந்தது. மூன்றாம் இயல் முழுக்க இந்த ஆறு தாளின் மேல்தான் நின்றது.

முதலில் அவள் ஆய்வேட்டை அடிக்குறிப்பு முறையில்தான் எழுதினாள். வரியில் சின்ன எண், பக்கத்தின் அடியில் கோட்டுக்குக் கீழே எந்தச் சான்று, எங்கே இருக்கிறது என்ற விவரம். வேதகிரி சார் அதைத் தூக்கித் திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றையும் ஆசிரியர்–ஆண்டு முறைக்கு மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். வாக்கியத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் எழுதியவர் பெயர், ஆண்டு, பக்கம். முழு விவரம் கடைசியில் துணைநூற்பட்டியலில். யார், எப்போது சொன்னார் என்பது படிக்கும்போதே கண்ணில் படும், ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது அவர் கட்சி.

அவர் கட்சிக்குப் பின்னால் ஒரு காயமும் இருந்தது. அவரிடம் முன்பு ஆய்வு செய்த ஜீவா என்பவன் அடிக்குறிப்பில் 'மேலது, மேலது' என்று போட்டுக்கொண்டே போயிருந்தான். முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்று அர்த்தம். கடைசி நேரத்தில் நடுவே ஒரு பத்தியைச் செருகியதில் ஒரு புதுக் குறிப்பு உள்ளே புகுந்துவிட்டது. பல்லவர் காலத்துக் கூரம் செப்பேட்டைப் பற்றிய வாக்கியத்துக்குச் சான்று, ரயில்வே அறிக்கை என்று ஆகிவிட்டது. புறத் தேர்வாளர் அதை வைவாவில் நிதானமாக வாய்விட்டுப் படித்தார். அரங்கமே சிரித்தது. நெறியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் வேதகிரி சார். அன்றிலிருந்து அடிக்குறிப்பு என்றாலே அவருக்கு எரிச்சல்.

சுகிர்தாவுக்கு வாதாடத் தெம்பில்லை. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. இந்த மாதக் கடைசிக்குள் நெறியாளர் கையெழுத்தோடு ஆய்வேடு போகாவிட்டால் பதிவே ரத்து. அதனால் வாயை மூடிக்கொண்டு மாற்றினாள். மாற்ற மாற்றத் தலை சுற்றியது. அவளுடைய சான்றுகளில் பாதிக்கு ஆசிரியரே கிடையாது. ஞானஸ்நானப் பதிவேட்டை எழுதியவர் என்று யாரைப் போடுவது? ஒரே வருஷத்து மிஷன் கடிதங்கள் 1908அ, 1908ஆ என்று தொடங்கி 1908ஔ வரை போய், உயிரெழுத்துக்கள் தீர்ந்துபோயின. ஞானஸ்நானத்துக்கு முன் கொடுத்த மனுவில் முனியன், பின்னால் எழுதியதில், போதகருக்கு உதவியாக ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் ஐசக். இரண்டும் ஒரே ஆள். பட்டியலில் அகரவரிசைப்படி ஒருவர் மேலேயும் இன்னொருவர் எங்கோ கீழேயும் போய் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள். அந்த ஓட்டத்தில்தான் மூன்றாம் இயலில் ஆறு தாளும் வந்தன. ஆசிரியர் என்ற கட்டத்தில் எதையாவது எழுதியாக வேண்டும். 'ஐசக்' என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

சிவப்பு மைப் பாராட்டைப் படித்ததும், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனில் பழைய பிரதியைத் திறந்து பார்த்தாள். அதில் அடிக்குறிப்பு இப்படி இருந்தது: 'ஆறு தாள், மாகறல், தனியார் வசம். காலம் தாளிலேயே உள்ளது. எழுதியவர் பெயரோ கையொப்பமோ இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் உபதேசியார் ஐசக் (முன்பெயர் முனியன்) எழுதிய பக்கங்களோடு எழுத்தின் வடிவம் ஒத்திருப்பதால் அவர் எழுதியதாக இருக்கலாம்.' இத்தனையும் போய், இப்போது (ஐசக் 1904: 3) என்று மட்டும் இருந்தது. அவள் பொய் எழுத நினைக்கவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் பொய் உட்கார்ந்திருந்தது. அந்தப் பொய்யைத்தான் சார் பாறை என்கிறார்.

வீட்டில் கணவன் சாம்சனிடம் மட்டும் சொன்னாள். அவன் ஒரகடம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்து நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தான். பொறுமையாகக் கேட்டான். கையெழுத்து ஐசக்கோடதுதான, வேற யாரு கையெழுத்து அந்த ஊர்ல இருந்திருக்கப் போவுது என்று கேட்டான். தனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் தோன்றுவது சான்று ஆகாது என்றாள்.

"இத்தினி வருசம் நாய் படாத பாடு பட்டுக்கினு, இப்ப கையெழுத்து போட்றேன்னு ஒங்க சாரே சொல்றப்போ நீயே போயி வாணாம்னுவியா? வுட்டுடு சுகிர்தா. எவன் வந்து அந்தத் தாள பாக்கப் போறான்?"

அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளை இன்னும் வாட்டியது. யாரும் பார்க்கப் போவதில்லை. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க மாகறல்வரை எந்தத் தேர்வாளரும் வரப் போவதில்லை. பேசாமல் இருந்தால் பட்டம். பட்டம் இருந்தால் கௌரவத்தைக் கழற்றிவிட்டு நிரந்தர வேலைக்கு மனு போடலாம். வாயைத் திறந்தால் இயல் ஆட்டம் காணும், சார் கோபப்படுவார், மாதம் முடிந்துவிடும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஜெபம் செய்யப் பார்த்தாள். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. வாயை மூடிக்கொள்ளத் தைரியம் கொடு என்று கர்த்தரிடம் கேட்பதா?

அவளை உலுக்கியது வேறு ஒன்று. அந்தப் போதகரும் இதைத்தானே செய்தார். யாரோ எழுதியதை எடுத்துக்கொண்டு தனக்கு வசதியான பெயரைப் போட்டுக்கொண்டார். அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஓர் இயல் முழுக்கக் குதித்தவள், தானும் தனக்குப் பிடித்த பெயரைப் போட்டிருக்கிறாள். ஐசக் தன் தெருக்காரர், தன் சனம் என்பதால் மட்டும் அது நியாயம் ஆகிவிடுமா? நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

சார் ஒழிவாக இருக்கும் நேரம் பார்த்துத் துறைக்குப் போனாள். அறையில் மின்விசிறிக்குக் கீழே விடைத்தாள் கட்டுகள் படபடத்துக்கொண்டிருந்தன. அவரே உற்சாகமாக, கையெழுத்துப் பக்கத்தைக் கொண்டுவந்தாயா என்று கேட்டார். உத்திரமேரூர்க்காரர்தான் அவரும், கோபத்திலும் சந்தோஷத்திலும் ஊர்ப் பேச்சு வந்துவிடும். சுகிர்தா கையெழுத்துப் பக்கத்தை எடுக்கவில்லை. எழுதி வைத்திருந்த ஒற்றைத் தாளை நீட்டினாள். ஆய்வேடு முழுவதையும் மறுபடி அடிக்குறிப்பு முறைக்கு மாற்ற அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தது.

அவர் முகம் மாறியது. மாதம் முடிய எத்தனை நாள் இருக்கிறது தெரியுமா, விளையாடுகிறாயா என்றார். அவள் ஆறு தாளைப் பற்றிச் சொன்னாள். பெயர் இல்லை, கையொப்பம் இல்லை, எழுத்தின் சாயலை வைத்துத்தான் ஐசக் என்றாள்.

வேதகிரி சார், அவ்வளவுதானே, 'பெயர் அறியப்படாதவர் 1904' என்று போட்டுவிடு, முறையை மாற்றத் தேவையில்லை என்றார். அப்படிப் போட்டால் ஐசக்காக இருக்கலாம் என்பதற்குத் தன்னிடம் இருக்கும் காரணமும் சேர்ந்து தொலைந்துபோகும் என்றாள். அப்படியானால் ஐசக் பக்கத்தில் கேள்விக்குறி போடு, அதற்கும் வழக்கம் இருக்கிறது என்றார். இருக்கிறது சார், ஆனால் கேள்விக்குறி ஏன் சந்தேகம் என்று சொல்லாது, ஏன் நம்புகிறேன் என்றும் சொல்லாது. காரணத்தைத் தேடி வாசகர் கடைசிப் பட்டியலுக்குப் போனாலும் அங்கே இன்னொரு கேள்விக்குறிதான் இருக்கும் என்றாள்.

அவர் விடவில்லை. ஆசிரியர்–ஆண்டு முறையிலும் வேண்டிய இடத்தில் தனியாக விளக்கக் குறிப்பு எழுதலாமே, யார் தடுத்தது என்றார். இது சரியான கேள்வி. இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். ஒன்றிரண்டு இடம் என்றால் எழுதலாம், தன் சான்றுகளில் பாதி இப்படித்தான் என்று சொல்லி நான்காம் இயலில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். எழுதியவர் பெயர் தெரியாத பதிவேடு, தேதி இல்லாத மனு, பெயர் மாறிய மனிதர். எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதினால் பக்கம்தோறும் மேலே அடைப்புக்குறி, கீழே குறிப்பு என்று இரண்டு முறையும் சேர்ந்து ஓடும். நூல்களையும் கட்டுரைகளையும் மட்டும் வைத்து எழுதுகிற ஆய்வு என்றால் நீங்கள் சொல்கிற முறைதான் சார் நல்லது, அதில் ஆசிரியரும் ஆண்டும் கண்ணெதிரே இருக்கும் என்று மனதாரச் சொன்னாள்.

'மேலது' என்ற பூதம் கடைசியாக வந்தது. ஜீவாவின் பெயரைச் சொல்லாமலே அவர் அந்த அரங்கத்துச் சிரிப்பைச் சொன்னார். மேலது என்ற சொல்லே வராது என்றாள் சுகிர்தா. முதல் தடவை முழு விவரம், அடுத்த தடவைகளில் எழுதியவர் பெயரும் சுருக்கத் தலைப்பும். நடுவில் எதைச் செருகினாலும் எந்தக் குறிப்பும் தன் சான்றை விட்டு இடம் மாறாது. பின்னால் பட்டியலும் உண்டு, கையெழுத்துச் சான்றுகள் தனி, அச்சிட்டவை தனி.

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அவருடைய ஆத்திரம் முறையைப் பற்றியது இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"இன்னாம்மா நீ, நான் பாறைன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயே கடப்பாறய எடுத்துக்கினு வர்ற. உன் பலவீனத்த ஊருக்கே காட்டற முறைதான் ஒனக்கு வேணுமா?"

சுகிர்தாவுக்கு அழுகை வந்தது. அழுதால் பேச்சு நின்றுவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"சார், அந்த அடைப்புக்குறிக்குள்ள ஒன்னு ஐசக் எழுதினாருன்னு இருக்கும், இல்ல எவரோ எழுதினாருன்னு இருக்கும். இருக்கலாம்னு சொல்ல அங்க எடம் இல்ல. எனக்குத் தெரிஞ்சதே அந்த இருக்கலாம் மட்டுந்தான் சார். அதக் கூடப் பறிச்சிட்டா எங்கிட்ட ஒன்னும் இல்ல."

அவர் ஒற்றைத் தாளை மறுபடி படித்தார். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. இத்தனை வருஷ உழைப்பைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்றுதான் அவளுக்குப் பட்டது. சாம்சனிடம் என்ன சொல்வது என்று வார்த்தை கோக்கக்கூடத் தொடங்கிவிட்டாள்.

அவர் மூன்றாம் இயலைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். முதலில் தன்னுடைய பாராட்டையே குறுக்கே அடித்தார். பிறகு இயலின் தலைப்புக்குப் போனார். 'உபதேசியார் ஐசக்கின் சாட்சியம்' என்று இருந்தது. ஐசக்கை அடித்தார். ஒரு கணம் யோசித்து, எழுதியவர் உபதேசியார்தான் என்பதற்கு மட்டும் என்ன ஆதாரம் என்று கேட்டு, அதையும் அடித்தார். 'உள்ளூர்க்காரர் ஒருவரின் சாட்சியம்' என்று மேலே எழுதினார். தேதி உறுதி, உள்ளூர்ப் பேச்சு நடை உறுதி, போதகரின் அறிக்கைக்கு முந்தியது என்பது உறுதி, இயல் அந்த மூன்றின் மேல் நிற்கட்டும் என்றார். அதன் பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டி, ஐசக் வந்த இடமெல்லாம் அடித்துக்கொண்டே போனார். ஐசக் பார்த்தார், ஐசக் எழுதுகிறார், ஐசக் வருந்துகிறார். சுகிர்தா அந்தப் பெயரை ஆசை ஆசையாக எழுதியிருந்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் அவளுக்கு நெஞ்சில் இழுத்தது. அவர் செய்வது சரி என்பதால் தடுக்கவும் முடியவில்லை.

முடித்துவிட்டுப் பேனாவை மூடினார். அடிக்குறிப்பு முறையிலேயே கொண்டு வா, ஒரு மேலது கண்ணில் பட்டாலும் கையெழுத்து கிடையாது, இந்த ஒற்றைத் தாளில் எழுதியிருப்பதை முன்னுரையில் ஒரு பகுதியாகச் சேர்த்துவிடு, முறையைத் தேர்ந்ததற்கான காரணத்தைத் தேர்வாளர் அங்கேயே படித்துக்கொள்ளட்டும் என்றார். உயிர் போய் உயிர் வந்தது என்று சொல்வார்களே, அவளுக்கு உயிர் பாதிதான் வந்தது.

அதற்கப்புறம் மாதக் கடைசிவரை அவள் மனுஷியாக இல்லை. வகுப்பு முடிந்த கையோடு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பழைய பிரதியிலிருந்து ஒவ்வொரு குறிப்பாக மீட்டாள். இடையில் திருத்திய பத்திகளுக்குப் பழைய குறிப்பு பொருந்தவில்லை. அடைப்புக்குறிக்காகச் சுருக்கியதில் பதிவேட்டுத் தாள் எண்கள் சில போயே போயிருந்தன. அவற்றுக்காகச் சபை அலுவலகத்தில் கெஞ்சி மறுபடி பார்த்தாள். பார்க்கக் கிடைக்காத ஒரு பதிவேட்டை மேற்கோளோடு சேர்த்துத் தூக்கி எறிந்தாள். ஆண்டாளம்மாள் பேத்தியைத் தன்னோடு கூட்டிப்போய்விட்டாள். சாம்சன் சோறு ஆக்கி வைத்தான்.

கடைசி நாளன்று அவன்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டான். வேதகிரி சார் பிரதியை வாங்கி அங்கங்கே திறந்து, குறிப்பையும் சான்றையும் ஒத்துப் பார்த்தார். மூன்றாம் இயலுக்கு வந்தார். மேலே 'உள்ளூர்க்காரர் ஒருவர்' என்று இருந்தது, பக்கத்தில் சின்ன எண். கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் அந்தப் பழைய குறிப்பு. அதையும் அடித்துவிடுவாரோ என்று சுகிர்தா பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். இது இருக்கட்டும் என்றார். கையெழுத்துப் போட்டுத் துறை முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அவள் நன்றி சொன்னாள். அவர் அடுத்த விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆய்வேட்டைச் சேர்ப்பித்துவிட்டு வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. கையெழுத்து ஆகவில்லையா என்று பதறிப்போய்க் கேட்டான் சாம்சன். ஆகிவிட்டது என்றாள்.

"அப்பறம் இன்னாத்துக்கு அழுவுற?"

"மூனாம் இயல்ல மேல எங்கியும் ஐசக் பேரு இல்ல. அத்தன பக்கத்துலயும் கீழ ஒரே ஒரு எடத்துல கீது. அதுவும் இருக்கலாம்னு."

சாம்சன் வண்டியை உதைக்கப் போனவன் காலை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"அவ்ளோ பொடி எழுத்த யாராச்சும் படிப்பாங்களா?"

தெரியவில்லை என்றாள். பின்னால் ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.